மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலோடு போங்கள்: ஒரு ராஜபிளவை அறுவையின் வழியாக

அறுவை அரங்கில் மயக்கவியல் உதவியாளராக வேலை பார்ப்பவன் நான். கதவுக்கு உள்ளே நடப்பது எனக்கு அத்துபடி. மாமாவின் முதுகில் ராஜபிளவை என்னும் பெரிய சீழ்க்கட்டி வந்து, நோயாளிக்குத் துணையாகக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் துணைக்கு வருகிறவர்கள் எங்கெல்லாம் தட்டுத் தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்தது. அறுவை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மயக்க மருத்துவர் கேட்கும்போது "அதெல்லாம் சொல்லியாகிவிட்டதே" என்று விழிக்கிறோம். அவர் கேட்பது வேறு. கடைசியாக எப்போது பூச்சிமருந்து அடித்தீர்கள், குடும்பத்தில் யாராவது மயக்கம் தெளியத் தாமதமானார்களா, மரத்துப்போகும் ஊசி எத்தனை மில்லி போட்டார்கள் என்றெல்லாம் கேட்பார். இந்த விவரங்கள் வீட்டில் இருக்கும், கையில் இருக்காது.

மாமாவுக்கு 58 வயது, 60 கிலோ எடை, பத்தாண்டுச் சர்க்கரை நோய். திருவட்டாறு பக்கம் வாழைத் தோட்டம். அவரை முன்வைத்தே எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு நோய் வேறாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்.

1. காகிதக் கட்டு

அறுவை என்று முடிவான அன்றே ஒரு பிளாஸ்டிக் உறையில் இவற்றைச் சேருங்கள்: ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய அறுவைகள் முடிந்து வீடு திரும்பும்போது தந்த விடுப்புச் சுருக்கம், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரையின் பெயரை எழுதிக் கொண்டுபோவதைவிட அட்டையையே கொண்டுபோவது மேல். கையெழுத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் மருந்து மாறிவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் முந்தைய சிகிச்சையைத் திருவனந்தபுரத்தில் செய்திருப்பார்கள். அந்தக் கோப்பு "பழசுதானே" என்று பரணில் கிடக்கும். அதில் மயக்கப் பதிவேட்டின் நகல் இருந்தால் அந்த ஒரு தாளே போதும். எந்த மருந்து கொடுத்தார்கள், மூச்சுக்குழாயில் குழாய் எளிதாக இறங்கியதா, எப்போது கண் விழித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். விடுப்புச் சுருக்கத்தில் இவை பெரும்பாலும் இருக்காது. பழைய மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உரிய திட்டம் இது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் போய் வர நாள் ஆகும். அதன்பின் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் அட்டைக்குப் பதிய வேண்டும். நோய் வந்தபின் இந்த வரிசையில் நிற்பது கொடுமை. தள்ளிவைக்கக்கூடிய அறுவை என்றால் தேதி வாங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

2. மரத்துப்போகும் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால், அளவையும் நேரத்தையும் வாங்கி வாருங்கள்

மாமாவை முதலில் ஊர்ப்பக்கத்துச் சிறு மருத்துவமனை ஒன்றில் காட்டியிருந்தார்கள். அங்கே 2 சதவீத லிக்னோகைன் ஊசியைக் கட்டியைச் சுற்றிப் போட்டுக் கீற முயன்றார்கள். கத்தி பட்டதும் மாமா துடித்துவிட்டார். மேலும் ஊசி, மீண்டும் துடிப்பு. "எனக்கு மருந்து ஏறாத உடம்பு" என்று மாமா முடிவுகட்டிவிட்டார். இன்றும் ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உடம்பில் குற்றமில்லை, சீழில்தான். நரம்பு இழையின் சவ்வில் சோடியம் நுழையும் வாயில்கள் உண்டு. அவை திறந்தால்தான் வலிச் செய்தி நகரும். வயலுக்குப் போகும் மடையை உட்பக்கம் நின்று அடைப்பதுபோல, லிக்னோகைன் அந்த வாயிலை நரம்புக்கு உள்ளிருந்துதான் அடைக்கிறது. ஆகவே மருந்து முதலில் சவ்வைக் கடந்து உள்ளே போக வேண்டும். மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்கும் மருந்துதான் சவ்வைக் கடக்கும். மின்னேற்றம் பெற்ற வடிவம் வெளியே நின்றுவிடும். உள்ளே போனபின் நிலைமை தலைகீழ்: மின்னேற்றம் பெற்ற வடிவமே வாயிலைப் பிடித்து அடைக்கிறது.

இந்த இரண்டு வடிவங்களும் என்ன விகிதத்தில் இருக்கும் என்பதைத் திசுவின் அமிலத்தன்மை தீர்மானிக்கிறது. இயல்பான திசுவின் பிஎச் 7.4. அங்கே லிக்னோகைனில் ஏறத்தாழ கால் பங்கு கடக்கக்கூடிய வடிவில் இருக்கும். சீழ் பிடித்த இடம் புளித்துப்போயிருக்கும். பிஎச் 6.4 என்று இறங்கிவிட்டால் கடக்கக்கூடிய பங்கு நூற்றுக்கு மூன்று. அதாவது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, வீங்கிச் சிவந்த இடத்தில் ரத்த ஓட்டம் மிகுதி. போட்ட மருந்தை அது அடித்துக்கொண்டு போய்விடும்.

பொறி இங்கேதான். மரக்கவில்லை என்று மேலும் மேலும் ஊசி போட்டால் நரம்புக்குள் போகாத மருந்து ரத்தத்தில் சேர்கிறது. அட்ரினலின் கலக்காத லிக்னோகைனுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது பாதுகாப்பான பழைய கணக்கு. மாமாவின் 60 கிலோவுக்கு 180 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் என்பதால் 9 மில்லியோடு அளவு முடிந்துவிடும். அவருக்குப் போட்டதோ 10 மில்லி. அளவு மீறும்போது உதட்டைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், தடுமாற்றமான பேச்சு என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். நோயாளி "வாயெல்லாம் ஒருமாதிரி இருக்கிறது" என்று சொன்னால் அதைப் பயம் என்று ஒதுக்காமல் அந்த நொடியே ஊசி போடுகிறவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த மருத்துவமனைக்குப் போகும் முன் மருந்தின் பெயர், சதவீதம், மில்லி, போட்ட மணி, அட்ரினலின் கலந்ததா என்ற ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அந்தச் சீட்டைப் பெறுவதற்கே ஒருவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

சீழ் இல்லாத இடத்தில், கட்டிக்கு எட்டத்தில் நரம்பையே பிடித்து மரக்கச் செய்வது நல்ல மாற்று. கை, கால் கட்டிகளுக்கு அது கைகொடுக்கும். மேல்முதுகுக்கு அப்படி ஒரே நரம்பு இல்லை. இடுப்பில் போடும் தண்டுவட ஊசியும் வழக்கமான அளவில் அந்த உயரத்துக்கு எட்டாது. கவிழ்த்துப் படுக்க வைத்துச் செய்யும் அறுவை என்பதால் மூச்சுக்குழாயில் குழாய் வைத்த முழு மயக்கம்தான் வழி என்றார்கள்.

3. பூச்சிமருந்துப் புட்டியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்

நாகர்கோவிலில் மயக்க மருத்துவர் மாமாவிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயா என்ன தொழில் செய்கிறீர்கள்?"

"வாழை போட்டிருக்கிறேன் டாக்டர்."

"மருந்து அடிப்பது நீங்களா, ஆளா?"

"நான்தான். ஆளுக்கு யார் கூலி கொடுப்பது?"

"கடைசியாக எப்போது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அத்தைக்குப் போன் போட்டேன். முந்தைய வாரம். என்ன மருந்து என்று கேட்டதற்கு அத்தை, "நீல மூடி போட்ட புட்டி" என்றார். அதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னபின்தான் குளோர்பைரிபாஸ் என்பது தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு துருவுகிறார்கள்? மூச்சுக்குழாயில் குழாய் இறக்கத் தொண்டைத் தசைகள் தளர வேண்டும். அதற்கான மருந்துகளில் மிக விரைவானது சக்சினைல்கோலின்; ஒரு நிமிடத்துக்குள் தளர்த்தும், சாதாரணமாகப் பத்து நிமிடத்துக்குள் விட்டுவிடும். அவ்வளவு சீக்கிரம் விடுவதற்குக் காரணம், கல்லீரல் உண்டாக்கி ரத்தத்தில் விடும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் சிதைத்துவிடுவதுதான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அதே நொதியை முடக்குகின்றன. நொதி குறைந்தவருக்கு இந்த மருந்து போனால் தசைகள் பத்து நிமிடத்துக்குப் பதில் மணிக்கணக்கில் தளர்ந்தே கிடக்கும். மூச்சுவிடும் தசைகளும் அதில் அடக்கம். அந்த நேரம் முழுக்கச் செயற்கைச் சுவாசத்திலும் தூக்கத்திலும் வைத்துக் காத்திருக்க வேண்டும். முடங்கிய நொதி ஓரிரு நாளில் மீள்வதில்லை, வாரக்கணக்காகும்.

எல்லாப் பூச்சிமருந்தும் இப்படியல்ல. குளோர்பைரிபாஸ், டைமீத்தோயேட், குயினால்பாஸ், புரோபெனோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகை. கார்போசல்பான் போன்ற கார்பமேட்டுகளும் இந்த நொதியைத் தொடும். ஆனால் அவற்றின் பிடி சீக்கிரம் விடும். இமிடாகுளோபிரிட் இந்தக் கணக்கில் வராது. ஆகவே "மருந்து அடித்தார்" என்ற செய்தி போதாது. புட்டியில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர் வேண்டும். கூடவே, முகமூடி கட்டினாரா, முதுகுத் தெளிப்பான் கசிந்ததா, அடித்த அன்று தலைசுற்றலோ வாயில் நீர் ஊறலோ இருந்ததா என்பதையும் கேட்டு வையுங்கள். நொதியின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை உண்டு. எல்லா ஆய்வகத்திலும் செய்வதில்லை, மாதிரியை வெளியே அனுப்புவார்கள். முடிவு எந்த நாளில், எந்த வேளையில் வரும் என்று கேட்டுக்கொண்டு அறுவைத் தேதியைப் பேசுங்கள். சீழ் கட்டி உடம்பெல்லாம் காய்ச்சல் பரவும்போது அந்த முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். நொதி குறைவு என்றே வைத்துக்கொண்டு வேறு மருந்துக்குப் போவார்கள்.

மாமாவுக்கு அப்படித்தான் ரோகுரோனியம் கொடுத்தார்கள். கூடுதல் அளவில் கொடுத்தால் அதுவும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தளர்த்தும். விடுவதற்கோ ஒரு மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். அது சிதைவதற்கு இந்த நொதி தேவையில்லை. முடிவில் சுகமாடெக்ஸ் என்ற மருந்தைக் கொடுத்தால் அது ரோகுரோனியம் மூலக்கூறைத் தன் வளையத்துக்குள் அடைத்து வைத்துத் தசையை விடுவித்துவிடும். வழக்கமான மாற்று மருந்தான நியோஸ்டிக்மினைவிட விலை மிக அதிகம். எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. இருக்கிறதா, வெளியே வாங்க வேண்டுமா என்பதை முந்தின நாள் மாலையே கேளுங்கள். இரவில் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலையும் வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "எங்களுக்குச் சக்சினைல்கோலின் வேண்டாம்" என்று யாரும் போய் வாதாட வேண்டாம். அவசரத்தில் அது உயிர் காக்கும் மருந்து. உங்கள் வேலை தகவல் கொடுப்பது, தேர்வு அவர்களுடையது.

இதே இடத்தில் கேட்கப்படும் இன்னொரு கேள்வி, குடும்பத்தில் யாராவது மயக்கத்தின்போது கடுங்காய்ச்சல் கண்டோ, மூச்சு திரும்பாமலோ சிரமப்பட்டார்களா என்பது. நொதிக் குறைவு பரம்பரையாகவும் வரும். மயக்க வாயுவாலும் சக்சினைல்கோலினாலும் உடல் வெப்பம் தாறுமாறாக ஏறும் அரிய கோளாறும் பரம்பரைதான். "பெரியப்பா ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார்" என்று வீட்டில் தாழ்ந்த குரலில் பேசப்படும் கதை ஏதாவது இருந்தால், அதைச் சொல்ல வேண்டிய இடம் இது. அபசகுனம் என்று மறைக்காதீர்கள்.

4. கடைசிக் கவளம், கடைசி மடக்கு: மணியைக் குறித்து வையுங்கள்

திட உணவுக்கும் பால் சேர்த்த எதற்கும் குறைந்தது 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த சாப்பாட்டுக்கு 8 மணி நேரம். நம் ஊரில் பிசகும் இடங்கள் மூன்று. பால் சாயா நீர் அல்ல. கட்டன் சாயாதான் நீர்க் கணக்கில் சேரும். கஞ்சித்தண்ணீரில் பருக்கை கிடக்கும், அதுவும் உணவே. "ஒரே ஒரு மட்டிப்பழம்தானே" என்று கொடுத்தால் 6 மணி நேரம் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும்.

நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால் கணக்குச் சரியாக இருந்தாலும் வயிறு நிறைந்திருப்பதாகவே மருத்துவர் நினைத்துக்கொள்வார். டாபாகிளிபுளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். திட்டமிட்ட அறுவைக்கு அதை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். காலை இன்சுலினைப் பட்டினியோடு நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.

5. கதவு சாத்தியபின் நடப்பது

மயக்கத்தை நான்கு நிலைகளாகப் பாடத்தில் பிரிப்பார்கள். ஈத்தர் காலத்தில் வகுத்தது. முதல் நிலையில் நினைவு இருக்கும், வலி மங்கும். இரண்டாவது கொந்தளிப்பு நிலை: நினைவு போய்விடும், ஆனால் கைகால் உதறும், மூச்சு ஒழுங்கற்றுப் போகும், கண் அங்குமிங்கும் அலையும், வாந்தி வரலாம், குரல்வளை இறுகி மூச்சை அடைக்கலாம். மூன்றாவதில் மூச்சு சீராகி உடல் அடங்கும்; அறுவை நடப்பது இங்கே. நான்காவதில் மூளைத்தண்டு அமுங்கி மூச்சும் ரத்த அழுத்தமும் விழும். அங்கே யாரும் போகக் கூடாது.

பட்டினியின் காரணம் அந்த இரண்டாம் நிலையில் இருக்கிறது. வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் தடுக்கும் இருமலும் விழுங்கலும் அப்போது ஒழுங்காக வேலை செய்யாது. இன்று புரோபோபால் ஊசி அந்த நிலையைச் சில நொடிகளில் தாண்டவைத்துவிடுவதால் உள்ளே போகும்போது அது கண்ணில் படுவதே அரிது.

தசை தளர்த்தியைப் போட்டபின் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் செல்லாது. மூச்சு நின்றிருக்கிறது என்பதால் நான்காம் நிலை என்று பொருளில்லை, தளர்த்தியே மூச்சை நிறுத்தியிருக்கிறது. அசையவில்லை என்பதால் ஆழ்ந்த மயக்கம் என்றும் பொருளில்லை. தளர்த்திக்குத் தூங்கவைக்கவும் தெரியாது, வலியைக் குறைக்கவும் தெரியாது. அதனால்தான் மயக்க மருத்துவர் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெளிவிடும் மூச்சில் உள்ள மயக்க வாயுவின் அளவு ஆகியவற்றை விடாமல் பார்க்கிறார். முன்பு ஏதேனும் அறுவையின்போது நடுவில் பேச்சுக் கேட்டதாக நோயாளி சொல்லியிருந்தால் பிரமை என்று தள்ளாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மது அருந்துகிற பழக்கத்தையும், தூக்க மாத்திரையையும் மறைக்காதீர்கள். மயக்க மருந்தின் அளவு அதனால் மாறும்.

6. வெளியே வந்த முதல் மணி நேரம்

திரும்பி வரும்போது அதே நிலைகள் எதிர்வரிசையில் வரும். இரண்டாம் நிலை இங்கேதான் வெளிப்படும். மாமா கட்டிலில் கையை வீசினார், சம்பந்தமில்லாமல் யாரையோ திட்டினார். அத்தை அழத் தொடங்கிவிட்டார். சில நிமிடங்களில் அடங்கியது. இந்த நேரத்தில் கன்னத்தைத் தட்டுவது, உலுக்குவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது கூடாது.

கவனிக்க வேண்டியது வேறொன்று: தூக்கம் தெளியாமல் கிடப்பதற்கும் தசை தளர்ச்சி விடாமல் கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு. தூக்கத்தில் இருப்பவர் சீராக மூச்சுவிடுவார், கூப்பிட்டால் கண் திறப்பார், திரும்பத் தூங்குவார். தளர்ச்சி மிச்சமிருப்பவருக்கு நினைவு தெளிந்திருக்கும், முகத்தில் பதற்றம் தெரியும், ஆனால் இமை பாதியில் சரியும், மூச்சு மேலோட்டமாக இருக்கும், பேச்சு குழறும், தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஐந்து நொடி நிறுத்த முடியாது. இரண்டாவதைப் பார்த்தால் செவிலியரை உடனே கூப்பிடுங்கள். "மூச்சுவிடச் சிரமப்படுகிறார், தலை தூக்க முடியவில்லை" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். "தெளியவில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்கம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடக்கூடும்.

சக்சினைல்கோலின் போட்டவர்களுக்கு மறுநாள் கழுத்து, தோள், விலா எல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிக்கலாம். தசைகள் தளரும் முன் ஒருமுறை துடித்ததால் வரும் வலி அது. சில நாளில் போய்விடும்.

7. செலவும் நேரமும்

அரசு மருத்துவமனையில் மயக்க மருத்துவருக்கென்று தனிக் கட்டணம் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்; ரத்தம், இசிஜி, மார்பு எக்ஸ்ரே முடிவுகள் கையில் இல்லாவிட்டால் மறுநாள் வரச் சொல்வார்கள்.

தனியார் மருத்துவமனையில் மதிப்பீட்டைக் கேட்கும்போது மயக்க மருத்துவர் கட்டணம் மொத்தத்தில் அடங்கியதா, தனியா என்று கேளுங்கள். ஆக்சிஜன், குழாய்கள், சுகமாடெக்ஸ் போன்ற மருந்துகள் தனிப் பட்டியலில் வரும். சிறு மருத்துவமனைகளுக்கு மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வருகிறவர். அறுவைக்குச் சற்று முன்புதான் வந்து சேர்வார். அப்படிப்பட்ட இடத்தில் முந்தின நாளே அவரோடு தொலைபேசியிலாவது பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பூச்சிமருந்து விவரம் அறுவை மேசைப் பக்கத்தில் வைத்துத் தெரியவந்தால் அறுவை தள்ளிப்போகும், அதுவரையான அறை வாடகை உங்கள் தலையில்.

மாமாவுக்கு மேசையில் ஆனது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விடுப்பின்போது மயக்கப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். கொடுத்த மருந்துகளின் பெயர்களோடு, சக்சினைல்கோலின் தவிர்க்கப்பட்ட காரணத்தையும் அதில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். அது இப்போது குடும்ப அட்டை இருக்கும் உறையிலேயே இருக்கிறது.